லாகர் முதல் ஸ்டவுட் வரை: பீரின் நிறமும் சுவையும் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி: லாகர், ஏல், வீட் பீர், ஸ்டவுட் என்று பீரில் இத்தனை வகை சொல்கிறார்களே, இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? கறுப்பாக இருக்கும் பீர்தான் ரொம்ப ஸ்ட்ராங்கா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. டப்ளின் நகரத்து கின்னஸ் டிராஃப்ட் ஸ்டவுட்டில் ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம்தான். பொன்னிறமாக இருக்கும் சாதாரண லாகர்களில் பெரும்பாலும் 5 சதவீதம் இருக்கும். அதே சமயம் இலங்கையின் லயன் ஸ்டவுட்டில் 8.8 சதவீதம். இரண்டும் ஸ்டவுட், இரண்டும் கறுப்பு, ஆனால் போதையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். ஆல்கஹால் அளவை முடிவு செய்வது ஈஸ்டுக்கு எவ்வளவு சர்க்கரை தீனியாகக் கிடைத்தது என்பதுதான். நிறம் வேறொரு இடத்திலிருந்து வருகிறது.

நான் பெங்களூரில் ஒரு மைக்ரோபுருவரியில் பீர் காய்ச்சும் வேலையில் இருக்கிறேன். வருகிறவர்கள் அதிகம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பீர் என்பது தண்ணீர், பார்லி மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகிய நான்கு சேர்ந்தது. பார்லியை ஊறவைத்து, முளைகட்ட விட்டு, சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட். அதை நொறுக்கி 65 டிகிரி அளவு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பான சாறு கிடைக்கும். அதில் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுவோம். உலகத்து பீர்கள் எல்லாவற்றுக்கும் செய்முறை இதுதான். மால்ட்டை எத்தனை டிகிரியில் உலர்த்தினார்கள், எந்த ஈஸ்ட் எத்தனை டிகிரியில் புளித்தது, இந்த இரண்டிலும்தான் குடும்பங்கள் பிரிகின்றன. ஹாப்ஸ் அதற்கு அடுத்தபடிதான்.

லாகரில் ஆரம்பிக்கலாம். லாகர் ஈஸ்ட் குளிரில் வேலை செய்யும் இனம். 8 முதல் 12 டிகிரிக்குள் மெதுவாகப் புளிக்கும். பிறகு பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் சில வாரங்கள் வைத்திருப்போம். ஈஸ்ட் இப்படி நிதானமாக வேலை செய்யும்போது பழவாசனை தரும் எஸ்டர்கள் மிகக் குறைவாகத்தான் உருவாகும். அதனால் லாகரில் தானியமும் ஹாப்ஸும் மட்டும் துலக்கமாகத் தெரியும், வாய் சட்டென்று சுத்தமாகிவிடும். இந்த ஈஸ்ட், ஏல் ஈஸ்டும் குளிர் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்டும் கலந்த கலப்பினம். அந்தக் காட்டுப் பெற்றோர் யார் என்பது 2011-இல், தென் அமெரிக்காவின் படகோனியாக் காட்டு மரங்களில் தேடியபோதுதான் தெரியவந்தது. எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம் இது.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் லைட் லாகரில் மால்ட்டோடு அரிசி, சோளம் அல்லது சர்க்கரையும் சேர்ப்பார்கள். இவை ஆல்கஹாலாக மாறுமே தவிர, தானியச் சுவையைக் கூட்டாது. ஹாப்ஸும் கொஞ்சம்தான். அதனால்தான் அது தண்ணீராக இறங்குகிறது. வெயிலில் தாகத்துக்குக் குடிக்க அதுதான் வேண்டும் என்றால் அதில் ஒரு குறையும் இல்லை.

அதே லாகரில் முழுக்க மால்ட்டும் நிறைய ஹாப்ஸும் போட்டால் பில்ஸ்னர். இது பிறந்த ஊர் இன்றைய செக் குடியரசின் பில்சன். 1838-இல் அந்த ஊரில் கெட்டுப்போன பீரைப் பீப்பாய் பீப்பாயாகத் தெருவில் கொட்டினார்கள். அப்புறம் ஊர்க்காரர்கள் சேர்ந்து புதிய ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோல் என்பவரை அழைத்துவந்தார்கள். 1842-இல் அவர் காய்ச்சிய முதல் பீர் தெளிந்த பொன்னிறத்தில் வந்தது. அதுவரை அந்தப் பக்கத்து பீர்கள் பெரும்பாலும் பழுப்பு நிறம்தான். குரோல் செய்த மாற்றம் மால்ட்டில் இருந்தது. நெருப்பும் புகையும் நேராகப் படாமல், சூடான காற்றில் இதமாக உலர்த்திய வெளிர் மால்ட்டைப் பயன்படுத்தினார். இன்றும் பில்ஸ்னர் மால்ட் 80 முதல் 85 டிகிரியில்தான் உலர்த்தப்படுகிறது. ஊரின் தண்ணீரும் கைகொடுத்தது. உப்புகள் மிகக் குறைந்த மென்னீர் என்பதால், நிறைய ஹாப்ஸ் போட்டும் கசப்பு தொண்டையைப் பிடிக்கவில்லை.

ஏல் ஈஸ்ட் வேறு சுபாவம். 18 முதல் 22 டிகிரியில் வேகமாகப் புளிக்கும், இரண்டு வாரத்தில் பீர் தயாராகிவிடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் நிறைய எஸ்டர்களை உண்டாக்கும். இதைத் தெரிந்துகொள்ள பவேரியக் கோதுமை பீர் போதும். ஒரு வாய் குடித்ததும் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். "எசன்ஸ் ஊத்துறீங்களா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை. வாழைப்பழத்துக்கு வாசனை தரும் அதே ஐசோஅமைல் அசிட்டேட்டை இந்த ஈஸ்ட் தானே தயாரிக்கிறது, கிராம்பு வாசனையும் அதன் வேலைதான். இதே கோதுமைச் சாறில் லாகர் ஈஸ்ட்டைப் போட்டால் இரண்டும் காணாமல் போய்விடும்.

பேல் ஏல், ஐபிஏ என்று சுருக்கிச் சொல்லும் இந்தியா பேல் ஏல் இரண்டிலும் முன்னால் நிற்பது ஹாப்ஸ். ஒரு மணி நேரம் கொதித்த ஹாப்ஸ் கசப்பைத் தரும், ஆனால் அதன் வாசனை எண்ணெய்கள் ஆவியாகிவிடும். கடைசி சில நிமிடங்களில் போட்டாலும், புளித்த பிறகு குளிர்ந்த பீரில் போட்டு ஊறவைத்தாலும் வாசனை தங்கும், கசப்பு அதிகம் ஏறாது. பப்ளிமாஸ் மாதிரி மணக்கும் ஐபிஏ குடித்திருந்தால், அது அமெரிக்காவின் காஸ்கேட் போன்ற ஹாப்ஸைக் கடைசியில் போட்டதால் வந்தது. ஐபிஏவில் இருக்கும் "இந்தியா", பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் கப்பலில் வந்த ஆங்கில பேல் ஏலின் நினைவு. கப்பலுக்கென்றே ஒருவர் அதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது மட்டும் சரியில்லை. ஹாப்ஸ் அதிகம் போட்ட பேல் ஏல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது.

இப்போது கறுப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

லண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டில் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்த போர்ட்டர், முழுக்கப் பழுப்பு மால்ட்டில் செய்த பீர். பின்னாளில் சாறில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஆலைகளுக்கு வந்தது. அளந்து பார்த்தால், விலை குறைவாகத் தெரிந்த பழுப்பு மால்ட், வெளிர் மால்ட்டைவிட மிகவும் குறைவாகவே சர்க்கரை தந்தது. அதிகச் சூட்டில் மால்ட்டின் நொதிகளும் மாவுச்சத்தும் பாழாகிவிடுவதே காரணம். எனவே ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின, ஆனால் போர்ட்டரின் நிறம் போய்விட்டது. 1817-இல் டேனியல் வீலர் சுழலும் உருளையில் மால்ட்டைக் கருக்காமல் கறுப்பாக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சர்க்கரைக்கு வெளிர் மால்ட், நிறத்துக்கும் சுவைக்கும் ஒரு பிடி கறுப்பு மால்ட் என்ற ஏற்பாடு அதிலிருந்து வந்தது. ஸ்ட்ராங்கான போர்ட்டரை "ஸ்டவுட் போர்ட்டர்" என்றார்கள், பிறகு ஸ்டவுட் தனிக் குடும்பமானது.

இன்றைய ஐரிஷ் பாணி டிரை ஸ்டவுட்டின் கணக்கைப் பாருங்கள். 100 கிலோ தானியத்தில் 70 கிலோ வெளிர் மால்ட், 20 கிலோ பார்லி அவல், 10 கிலோ வறுத்த பார்லி. அந்தப் பத்து கிலோவை 200 டிகிரிக்கு மேல் வறுத்திருப்பார்கள். பீர் முழுவதையும் கறுப்பாக்கி, காப்பி, கசப்புச் சாக்லேட் சுவையைக் கொண்டுவருவது அதுதான். பச்சைக் காப்பிக்கொட்டைக்கும் நன்றாக வறுத்த கொட்டைக்கும் இருக்கும் உறவுதான் வெளிர் மால்ட்டுக்கும் இதற்கும். பார்லி அவல் நாக்கில் வழவழப்பைத் தருகிறது. மேலே நிற்கும் மெல்லிய வெண்ணுரை நைட்ரஜன் வாயுவால் வருவது. கின்னஸ் அந்த முறையை 1959-இல் கொண்டுவந்தது. அந்த வழவழப்பும் நுரையும்தான் 4.2 சதவீத பீரை "கனமான பீர்" என்று நம்மை நினைக்கவைக்கின்றன.

வறுத்த பார்லியை 15 கிலோவுக்கு ஏற்றினால் கறுப்பு பெரிதாகக் கூடாது, ஏற்கெனவே கறுப்புதான். ஆனால் சாம்பலை நக்கியது போல நாக்கில் ஒட்டும். புதிதாக ஸ்டவுட் காய்ச்சுகிறவர்களின் பீரில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

ஸ்டவுட் ஏன் டப்ளினில் வேரூன்றியது என்பதற்குத் தண்ணீர் ஒரு காரணம். அந்த ஊர்த் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். வெளிர் மால்ட்டை மட்டும் அதில் ஊறவைத்தால் சாறின் பிஎச் ஏறி, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும். வறுத்த தானியம் இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ளது. அது சேர்ந்ததும் பிஎச் 5.2 முதல் 5.6 என்ற சரியான எல்லைக்குள் வந்துவிடும். பில்சன் தண்ணீருக்குப் பொன்னிற பீர், டப்ளின் தண்ணீருக்குக் கறுப்பு பீர். இன்று தண்ணீரைச் சுத்திகரித்து வேண்டிய உப்பைச் சேர்த்துக்கொள்கிறோம், அதனால் பெங்களூரில் இரண்டையும் காய்ச்ச முடிகிறது.

நிறமும் குடும்பமும் வேறுவேறு என்பதற்கு ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியர் நல்ல சாட்சி. ஸ்டவுட் ஏல் ஈஸ்டில் புளிப்பது; பார்க்க அதே மாதிரி இருக்கும் கறுப்பு லாகர் இது. முதலில் லேசான வறுத்த மணம், அடுத்த நொடி லாகருக்கே உரிய சுத்தமான முடிவு. பெல்ஜியத்துப் புளிப்பு பீர்களை இங்கே விட்டுவிடுகிறேன், அவற்றில் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் வேலை செய்கின்றன, அது தனிக் கதை.

குடித்துப் பார்க்க நினைத்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, வெப்பநிலை. லைட் லாகர் 4, 5 டிகிரியில் நன்றாக இருக்கும். ஸ்டவுட்டையும் அப்படி ஐஸ் குளிரில் குடித்தால் காப்பி மணம் அடங்கி வெறும் கசப்பு மட்டும் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடியுங்கள்.

இரண்டு, குறையை வகையின் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லாகரில் உருகிய வெண்ணெய் வாசம் வந்தால், பெரும்பாலும் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே பீரைக் குளிரவைத்துவிட்டார்கள் என்று பொருள். பச்சைப் பாட்டில் லாகரில் எரிந்த ரப்பர் மாதிரி நெடி அடித்தால், வெளிச்சம் பட்டு ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்துவிட்டது. வெயிலில் இருந்தால் சில நிமிடங்களே போதும். பழுப்புப் பாட்டில் அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், கேன் முழுவதும் தடுக்கும். கண்ணாடி அலமாரியில் வெயில் படும் இடத்தில் வைத்திருக்கும் பச்சைப் பாட்டிலை நான் வாங்குவதில்லை.