லோடைக் கழற்றியும் 1.8 ஆம்பியர்: நாலு ரெசிஸ்டர் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயர்

கேள்வி: 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவ் லைனில் ஷன்ட் போட்டு, ஆப்-ஆம்பும் நாலு 1% ரெசிஸ்டரும் வைத்து கரன்ட் அளக்கிறேன். லோடைக் கழற்றின பிறகும் ஒன்றரை, இரண்டு ஆம்பியர் காட்டுகிறது. OP07 ஐசியை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். எங்கே தப்பு?

பதில்: ஐசியை இனி மாற்ற வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கும். உங்கள் தப்பு அந்த நாலு ரெசிஸ்டரில் இருக்கிறது. அவை கெட்டுப்போகவில்லை, 1% என்ற வாக்குக்குள்ளேயே இருக்கின்றன. இந்த வேலைக்கு அந்த 1% போதவில்லை.

நானும் இதே சர்க்யூட்டில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். என் அளவுகளை வைத்தே சொல்கிறேன். ஷன்ட் 0.01 ஓம், அதாவது 10 ஆம்பியர் ஓடினால் 100 மில்லிவோல்ட். கெயின் 10 வைத்தால் அவுட்புட்டில் 1 வோல்ட். ஷன்டின் லோடு பக்கம் V1, அது R1 வழியாக ஆப்-ஆம்பின் மைனஸ் காலுக்குப் போகிறது. அவுட்புட்டிலிருந்து அதே காலுக்குத் திரும்பி வருவது R2. பேட்டரி பக்கம் V2, அது R3 வழியாக பிளஸ் காலுக்குப் போகிறது. அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு R4. R1, R3 இரண்டும் 10 கிலோ ஓம். R2, R4 இரண்டும் 100 கிலோ ஓம். OP07-க்கு சப்ளை ±15 வோல்ட்.

```
Vout = V2 × R4/(R3+R4) × (1 + R2/R1) − V1 × R2/R1
```

`R2/R1` என்ற விகிதமும் `R4/R3` என்ற விகிதமும் அச்சாக ஒன்றாக இருந்தால் இது சுருங்கி `(R2/R1) × (V2 − V1)` ஆகிவிடும். பாடப்புத்தகத்தில் நாம் பார்ப்பது இந்தச் சுருங்கிய வடிவத்தைத்தான். அந்த "இருந்தால்" என்ற சொல்தான் உங்களையும் என்னையும் கவிழ்த்தது.

என் போர்டில் இருந்த ரெசிஸ்டர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன். R1 9.96, R2 100.5, R3 10.03, R4 99.6, எல்லாம் கிலோ ஓம். ஒவ்வொன்றும் அரை சதவீதத்துக்குள் இருக்கிறது, 1% ரெசிஸ்டர் என்று வாங்கினதற்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. ஆனால் விகிதத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் 10.09, மறுபக்கம் 9.93. நாலு சின்னத் தவறுகளும் ஒரே திசையில் சேர்ந்து 1.6% வித்தியாசமாகிவிட்டன.

லோடு இல்லாதபோது ஷன்டில் டிராப் இல்லை. V1, V2 இரண்டும் பேட்டரி வோல்டேஜிலேயே, அன்றைக்கு 12.4 வோல்ட்டில், நிற்கின்றன. இந்த இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ்தான் காமன் மோட். இந்த நிலையில் சர்க்யூட்டை இரண்டு வோல்டேஜ் டிவைடராகப் பாருங்கள், எல்லாம் புரிந்துவிடும். R3-உம் R4-உம் சேர்ந்து பிளஸ் காலில் 11.266 வோல்ட் கொடுக்கின்றன. அவுட்புட் பூஜ்யத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், R1-உம் R2-உம் மைனஸ் காலில் 11.282 வோல்ட் கொடுக்கும். இரண்டு டிவைடரும் ஒரே விகிதத்தில் பிரித்திருந்தால் இரண்டு காலும் சமமாக இருந்திருக்கும், அவுட்புட்டும் பூஜ்யத்திலேயே நிம்மதியாக இருந்திருக்கும். இங்கே 16.4 மில்லிவோல்ட் இடிக்கிறது. ஆப்-ஆம்பின் வேலை இரண்டு காலையும் சமமாக்குவது. அதற்கு அவுட்புட்டைக் கீழே இழுக்கிறது. அவுட்புட்டில் ஏற்படும் மாற்றத்தில் பதினோரில் ஒரு பங்குதான் மைனஸ் காலுக்கு வந்து சேரும். அதனால் 16.4 மில்லிவோல்ட்டைச் சரிக்கட்ட அவுட்புட் சுமார் 0.18 வோல்ட் கீழே போக வேண்டியிருக்கிறது. மீட்டரில் அது மைனஸ் 1.8 ஆம்பியர். ஆப்-ஆம்ப் தன் கடமையைச் சரியாகச் செய்ததால் வந்த பிழை இது.

உங்கள் அளவுகளுக்குச் சட்டென்று போட்டுப் பார்க்க இந்தச் சூத்திரம் போதும். இதில் Vcm என்பது காமன் மோட் வோல்டேஜ், d என்பது இரண்டு விகிதங்களுக்கும் உள்ள சதவீத வித்தியாசம் (எனக்கு 1.6%, அதாவது 0.016), G என்பது கெயின். Verr இன்புட்டில் இருப்பதுபோல் தோன்றும் பொய்யான வோல்டேஜ்.

```
Verr ≈ Vcm × d / (1 + G)
12.4 × 0.016 / 11 ≈ 0.018 V
```

18 மில்லிவோல்ட் என்றால் 0.01 ஓம் ஷன்டில் 1.8 ஆம்பியர், கணக்கு ஒத்துப்போகிறது. நாலு ரெசிஸ்டரும் முழு 1% விலகி, எல்லாம் பாதகமான திசையிலேயே அமைந்தால் d 0.04 ஆகிவிடும். அப்போது காமன் மோட் ரிஜெக்‌ஷன் `(1+G)/(4t)`, இதில் t என்பது ரெசிஸ்டரின் டாலரன்ஸ், இங்கே 0.01. அதாவது 11/0.04 = 275. டெசிபலில் 49-க்குக் கொஞ்சம் கீழே. கெயின் 1 ஆக இருந்தால் இன்னும் மோசம், வெறும் 50, அதாவது 34 டெசிபல். OP07-இன் டேட்டாஷீட்டில் 100 டெசிபலுக்கு மேல் போட்டிருப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுகிறோம். அது ஐசியின் கணக்கு. 100 டெசிபலில் 12 வோல்ட்டால் வரும் பிழை 0.12 மில்லிவோல்ட்தான், ரெசிஸ்டர்கள் கொடுக்கும் 18 மில்லிவோல்ட்டுக்கு முன்னால் அதைத் தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் ஐசியை எத்தனை தடவை மாற்றினாலும் ரீடிங் அசையவில்லை.

"சரி, 1.8 ஆம்பியரை சாஃப்ட்வேரில் கழித்துவிடலாமே" என்று எனக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தேன். பேட்டரி 12.6-லிருந்து 11.6 வோல்ட்டுக்கு இறங்கியபோது பிழையும் கூடவே 0.15 ஆம்பியர் நகர்ந்துவிட்டது. இது ஆஃப்செட் இல்லை, பேட்டரி வோல்டேஜோடு சேர்ந்து ஏறி இறங்குகிற பிழை. ஆஃப்செட்டையும் இதையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. இரண்டு இன்புட்டையும் ஷன்டிலிருந்து கழற்றி ஒன்றாக முறுக்குங்கள். பெஞ்ச் சப்ளையில் 0-லிருந்து 12 வோல்ட் வரை மெதுவாக ஏற்றி அவுட்புட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 0 வோல்ட்டில் தெரிவது ஐசியின் ஆஃப்செட். ஏற ஏற நேர்கோடாகக் கூடிக்கொண்டே போவது ரெசிஸ்டர்களின் பொருத்தமின்மை. கோடு மேல் முனையில் திடீரென்று வளைந்தால் அது மூன்றாவது விஷயம்: ஆப்-ஆம்பின் கால்கள் அதன் இன்புட் எல்லையைத் தாண்டிவிட்டன. LM358-ஐ அதே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழே வரைதான் அதன் கால்கள் வேலை செய்யும், இங்கே நாம் 11.3 வோல்ட் கொடுக்கிறோம்.

இனி சரிசெய்யும் வழி. நிபந்தனையைத் திருப்பி எழுதினால் `R1/R3 = R2/R4`. அதாவது R1-உம் R3-உம் ஒன்றுக்கொன்று சமமாகவும், R2-உம் R4-உம் ஒன்றுக்கொன்று சமமாகவும் இருந்தால் போதும். 10 கிலோ ஓம் என்பது உண்மையில் 9.93-ஆக இருந்தாலும் காமன் மோடுக்குக் கவலையில்லை, கெயின்தான் துளி மாறும். இதில் ஒரு நல்ல சேதி உண்டு. உங்கள் மல்டிமீட்டர் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. இருபது ரெசிஸ்டர் வாங்கி, ஒரே மீட்டரில் ஒரே ரேஞ்சில் அளந்து, கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிற ஜோடியை எடுத்தால் மீட்டரின் பிழை இரண்டுக்கும் பொதுவாகிக் கழிந்துவிடும். சாதாரண மூன்றரை இலக்க மீட்டரில் 10 கிலோ ஓமுக்குக் கடைசி இலக்கம் 0.1%. அப்படி இரண்டு ஜோடி பொறுக்கினால் d சுமார் 0.002, மிச்சப் பிழை 0.2 ஆம்பியர்.

அதற்கும் கீழே போக R4-இல் பிரீசெட் வைக்க வேண்டும். என் ரெசிஸ்டர்களுக்கு R4 101.2 கிலோ ஓமாக இருந்திருக்க வேண்டும், 1.6 குறைந்திருந்தது. பொதுவாக 95.3 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 10 கிலோ ஓம் மல்டிடர்ன் பிரீசெட்டைத் தொடராக வைத்தால் நாலு 1% ரெசிஸ்டர்களின் எந்தக் கூட்டணிக்கும் கிட்டத்தட்டப் போதும். இன்புட்களை முறுக்கி 0 வோல்ட், 12 வோல்ட் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, அவுட்புட் இரண்டிலும் ஒன்றாக நிற்கும் வரை திருப்புங்கள். 12 வோல்ட்டில் பூஜ்யம் வருவதை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஆஃப்செட்டையும் சேர்த்து ரெசிஸ்டரால் மறைத்துவிடுவீர்கள்.

காலையில் நான் இப்படி மிக அழகாகச் சரிசெய்து வைத்தேன். மதியம் இன்வெர்டர் பக்கத்தில் பெட்டி சூடானதும் 0.2 ஆம்பியர் திரும்பி வந்துவிட்டது. மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில் 100 ppm என்று போட்டிருந்தால் ஒரு டிகிரிக்கு 0.01% வரை நகரும். 20 டிகிரி ஏறினால் ஒவ்வொன்றும் 0.2%. நாலும் பாதகமாக நகர்ந்தால் 0.8%, நம் சர்க்யூட்டில் 0.9 ஆம்பியர் வரை. நாலும் ஒரே திசையில் நகர்ந்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் தனித்தனியாக வாங்கிய ரெசிஸ்டர்களிடம் அந்த ஒற்றுமையை எதிர்பார்க்க முடியாது. பிரீசெட் அன்றைய சூட்டுக்கு மட்டும்தான் பதில்.

அதனால் கடைசியில் நான் INA105-க்குப் போனேன். அதுவும் இதே சர்க்யூட்தான், உள்ளே நாலு 25 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒரே சில்லில் லேசரால் செதுக்கிச் சமமாக்கியவை. சூடேறினால் நாலும் சேர்ந்தே நகரும். நல்ல தரத்தில் காமன் மோட் ரிஜெக்‌ஷன் குறைந்தது 86 டெசிபல், கெயின் 1. 12.4 வோல்ட்டுக்கு மிச்சப் பிழை 0.6 மில்லிவோல்ட், நம் ஷன்டில் 0.06 ஆம்பியர். கெயின் 10 வேண்டுமென்றால் உங்களிடம் இருக்கும் OP07-ஐ அதற்குப் பின்னால் சாதாரண ஆம்ப்ளிஃபயராக வையுங்கள். அங்கே காமன் மோட் ஏற்கெனவே போய்விட்டதால் 1% ரெசிஸ்டர் கெயினை மட்டும்தான் தொடும்.

எதைப் போட்டாலும், இன்புட் வயர்களில் ஒன்றில் மட்டும் ஃபில்டருக்கென்று ரெசிஸ்டர் சேர்க்காதீர்கள். 100 ஓம் என்பது 10 கிலோவில் 1%. உங்கள் நாலு ரெசிஸ்டர் சர்க்யூட்டில் அது ஒன்றே 1 ஆம்பியருக்கு மேல் பொய் காட்டும். INA105-க்குள் இருக்கும் 25 கிலோவுக்கும் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஓமும் கணக்கில் சேரும். உங்கள் நாலு ரெசிஸ்டரையும் கழற்றி, அளந்து, மதிப்புகளை கமென்டில் போடுங்கள். இப்போது காட்டும் ரீடிங்கோடு ஒத்துப்போகிறதா என்று சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.