கோழிக்குஞ்சுக்கு புரூடிங்: பல்பு எவ்வளவு உயரத்தில்?

"ஒரு நாள் குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்து கத்துகின்றன. குளிரா? பல்பை எவ்வளவு உயரத்தில் கட்டணும்?"

குளிர்தான். தாய்க்கோழிக்குப் பதில் நாம் சூடு கொடுப்பதுதான் புரூடிங். இறகு முளைக்கும்வரை குஞ்சால் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது.

ஐம்பது குஞ்சுக்கு 100 வாட் குண்டு பல்பு. முதலில் தரையிலிருந்து ஒன்றரை அடியில் கட்டி, குஞ்சின் முதுகு மட்டத்தில் வெப்பமானியை வையுங்கள். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரி குறையும்படி பல்பை ஏற்றுங்கள்.

அப்புறம் குஞ்சுகளைப் பாருங்கள். மார்கழியில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறவர்களைப் போலத்தான்: குளிர்ந்தால் நெருங்கும், சுட்டால் விலகும். குவியலில் அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் சாகும். குளிர்ந்த குஞ்சின் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். அப்படியானால் பல்பை இறக்குங்கள். தரையில் பரப்பிய இரண்டு அங்குல உமி ஈரமாகியிருந்தால் மாற்றுங்கள், சூட்டை அதுவும் உறிஞ்சும்.

வெளிச்சம் இருந்தால் சூடும் இருக்கும் என்று எல்இடி பல்பைக் கட்டுகிறார்கள். அதில் குஞ்சுக்குப் போதுமான சூடு வராது.