முகப்பில் காணாமல் போன வில்லுப்பாட்டு

கேள்வி: மார்த்தாண்டத்தில் கைப்பேசி வாங்கியபோது கடைக்காரரே ஸ்பாட்டிஃபை செயலியையும் போட்டுத் தந்தார். வில்லுப்பாட்டு தேடிக் கேட்டேன். மறுநாள் திறந்தால் முதல் பக்கத்தில் ஏதேதோ சினிமாப் பாட்டு இருக்கிறது. நான் கேட்டது இல்லை. பாட்டு ஏற்றித் தர கடைக்காரர் 300 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, தக்கலை)

பதில்: ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள். ஏற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. நீங்கள் கேட்ட பாட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை உங்கள் பெயரில் எடுத்து வைக்கும் வேலைதான் பாக்கி.

திரையின் அடியில் Home, Search, Your Library என்ற பொத்தான்கள் இருக்கும். முதலில் திறப்பது Home. அங்கே என்ன தெரிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. இன்று இருப்பது நாளை இருக்காது. புதிதாக வருபவர்கள் அதையே தங்கள் பாட்டுப் பெட்டி என்று நம்பிவிடுகிறார்கள். முதல் நாளே ஒரு வரியில் இதைச் சொல்லிக் கொடுக்க இத்தனை பெரிய நிறுவனத்துக்கு ஏன் மனம் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் வில்லுப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். Search பொத்தானைத் தொட்டு, மேலே உள்ள கட்டத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதிக் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். பாட்டை வெளியிட்டவர்கள் பெயரைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் கொடுத்திருப்பார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக. Villupattu என்று ஒருமுறை, Villu Paattu என்று பிரித்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். பாடியவர் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு ஓடத் தொடங்கியதும் அதன் பெயரைத் தொட்டால் திரை முழுவதும் விரியும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி தெரியும். அதைத் தொடுங்கள், பச்சை நிறச் சரிக்குறியாக மாறும். இந்த ஒரு தொடுதலைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள். இப்போது Your Library பொத்தானைத் தொட்டு Liked Songs என்பதைத் திறந்தால் பாட்டு அங்கே இருக்கும். நாளையும் இருக்கும், கைப்பேசியை மாற்றினாலும் அதே கணக்கில் நுழைந்தால் இருக்கும்.

அன்று கேட்ட பாட்டின் பெயர் மறந்துவிட்டதா? Home பக்கத்தில் மேலே இடது மூலையில் இருக்கும் சிறிய வட்டத்தைத் தொடுங்கள். திறக்கும் பட்டியலில் Recents அல்லது Listening history என்று இருக்கும். அண்மையில் கேட்டவை எல்லாம் அதில் வரிசையாக வரும்.

அதே வட்டத்தில் இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள்: அங்கே இருப்பது யார் பெயர்? அவசரத்துக்குத் தங்கள் மின்னஞ்சலிலேயே கணக்குத் திறந்து கொடுக்கும் கடைகள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அப்படியானால் நீங்கள் ஆசையாகச் சேர்ப்பதெல்லாம் அவர் கணக்கில் சேரும். அவர் கடவுச்சொல்லை மாற்றினால் உங்களுக்கு வழியே இல்லை. அந்தக் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் மின்னஞ்சலில் இலவசக் கணக்கு ஒன்று திறங்கள். இடையிடையே விளம்பரம் வரும், அது பரவாயில்லை. விளம்பரமே வராத செயலியை இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், கைப்பேசியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். திருத்திய போலிச் செயலியை வெளியிலிருந்து இறக்குவார். அதே கைப்பேசியில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் இருக்கிறது. செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். இணையம் இல்லாதபோதும் பாட்டுக் கேட்கும் வசதி கட்டணக் கணக்குக்கு மட்டுமே உண்டு. அது வேண்டுமென்றால் பணத்தை நிறுவனத்திடம் நேராகக் கட்டுங்கள், கடையில் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் வில்லுப்பாட்டு கேட்பவர்களுக்கு அது அவசியம். உங்கள் ஊர்க் கோயில் கொடையில் பாடியதை யாராவது பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அது Search பக்கத்தில் எத்தனை விதமாக எழுதினாலும் வராது. அந்தப் பதிவை யாரும் நிறுவனத்திடம் கொடுக்கவில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் முதலில் அதைக் கைப்பேசியிலேயே சேமித்துவிடுங்கள். பிறகு செயலியின் அமைப்புகளுக்குள் Local Files என்பதைத் தேடி, கைப்பேசியில் உள்ள ஒலிக்கோப்புகளைக் காட்ட அனுமதி கொடுங்கள். அதன்பின் Your Library பக்கத்தில் Local Files என்று தனிப் பட்டியல் வரும். எல்லா வகைக் கோப்பையும் அது ஏற்காது, எம்பி3 என்றால் சிக்கல் இருக்காது. ஆனால் இந்தப் பதிவு உங்கள் கைப்பேசியில்தான் இருக்கிறது, கணக்கில் இல்லை. கைப்பேசியை மாற்றும்போது Liked Songs தானாக வந்துவிடும், கொடைப் பாட்டு வராது. அதற்கு ஒரு நகலை மகனிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள்.