டோல், பார்க்கிங், டாக்சி பில்: பயணக் கிளெய்ம் கேள்வி பதில்

"ஃபாஸ்டேகில் 1,000 ரூபாய் ரீசார்ஜ் செய்த எஸ்.எம்.எஸ். இருக்கு சார். அதையே வைக்கலாமா?"

வேண்டாம். அது உங்கள் டேக்கில் இன்னும் இருக்கும் பணம். சாவடியில் பிடித்ததுதான் செலவு. டேக் கொடுத்த வங்கியின் தளத்தில் ஸ்டேட்மென்ட் எடுங்கள். சாவடியைக் கடந்த நேரம், கணக்கில் பிடித்த நேரம் என்று இரண்டு இருந்தால், கடந்த நேரத்தை எழுதுங்கள். இரவு 11:50-க்குப் பரனூர் சாவடியைத் தாண்டினால் மறுநாள் தேதியில் பணம் போயிருக்கலாம். அந்தத் தேதியைப் போட்டு, பயண நாளில் சேராத டோல் என்று திரும்பி வந்த கிளெய்ம்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"திண்டிவனம் போய் அன்றே சென்னை திரும்பினேன். போன டோலை இரண்டால் பெருக்கினேன், ஸ்டேட்மென்டோடு ஒத்துவரவில்லை."

24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால், இரண்டு தடவைக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். வழியில் உள்ள பரனூர், ஆத்தூர் சாவடிகளில் போகும்போது தலா 80 பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும்போது தலா 40. ஆக மொத்தம் 240, உங்கள் கணக்கில் 320. பெருக்காமல், ஸ்டேட்மென்டில் உள்ள நான்கு வரியையும் அப்படியே எழுதுங்கள்.

"கிலோமீட்டர் காசு வாங்கினால் பெட்ரோல் பில் வைக்கக்கூடாது, டோலும் அதிலேயே அடங்கிடும்."

பெட்ரோல் பற்றிச் சொன்னது சரி. டோலும் பார்க்கிங்கும் பெரும்பாலான கம்பெனிகளில் தனி. மேலே சொன்ன பயணத்தையே எடுங்கள். ஓடோமீட்டர்படி 248 கி.மீ., ரேட் 12 ரூபாய் என்றால் 2,976. டோல் 240, பார்க்கிங் 60. மொத்தம் 3,276. கிளம்பும்போதும் வந்து சேர்ந்ததும் ஓடோமீட்டரைப் படம் எடுத்துவிடுங்கள். பார்க்கிங் சீட்டையும் அன்றே படம் எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சில வாரத்தில் மங்கிவிடும்.

"எனக்குச் சொந்தக் கார் இல்லை அண்ணா. டாக்சி பில்லில் டோல் தனி வரியாக இருக்கு, டோல் பத்தியில் போட்டேன்."

டாக்சி பத்தியில் என்ன போட்டீர்கள்? பில்லின் மொத்தத்தைப் போட்டிருந்தால் டோல் அதற்குள்ளேயே இருக்கிறது, இரண்டு முறை கேட்கிறீர்கள். மொத்தத்தை ஒரே வரியாகப் போட்டு, டோல் வரியை எடுத்துவிடுங்கள்.

"பிடிஎஃப்பிலிருந்து எக்செல்லில் ஒட்டினேன். SUM போட்டால் 0 வருது."

₹ குறியோடு வந்ததால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டது. தொகை C2-இல் இருந்தால், பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டு கீழே இழுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(C2,"₹",""),",",""))
```

தேதியையும் பாருங்கள். 05/08 என்பது ஆகஸ்ட் 5-க்குப் பதில் மே 8 ஆகியிருக்கலாம்.

"3,000 ரூபாய் வருடப் பாஸ் எடுத்திருக்கேன். ஸ்டேட்மென்டில் டோல் 0. நான் என்ன கேட்பது?"

200 பயணத்துக்கு 3,000 என்றால் ஒரு தடவைக்கு 15 வருகிறது. அந்தக் கணக்கில் கேட்பது நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் 200 பயணமும் முடியாமல் ஒரு வருடம் ஓடிவிட்டால் உங்களுக்கு நஷ்டம், சொந்தப் பயணமும் அதில் கலந்திருக்கும். எங்கள் அலுவலகத்திலேயே இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கிளெய்ம் போடும் முன் உங்கள் கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழக்கமான டோல் தொகையை எழுதிவிடாதீர்கள், அந்தப் பணம் உங்களிடமிருந்து போகவே இல்லை.