சின்னப் பொலிப்புக்கு வருடாவருடம் ஸ்கோப் தேவையா?

"டொக்டர், அப்பாவுக்கு 58 வயது. கொலனோஸ்கோபியில் 6 மில்லிமீட்டரில் ஒன்றும் 4 மில்லிமீட்டரில் ஒன்றுமாக இரண்டு பொலிப் எடுத்தார்கள். 'டியூபுலர் அடினோமா, லோ கிரேட்' என்று ரிப்போர்ட் வந்தது. வருடாவருடம் ஸ்கோப் செய்யாவிட்டால் கான்சராகும் என்று சொல்லி, மூன்று வருடப் பக்கேஜுக்குப் பணம் கட்டச் சொல்கிறார் ஒருவர். கட்டலாமா?" – வாசகி, வெள்ளவத்தை

கட்ட வேண்டாம், மகள். பொலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்னக் கட்டி. அடினோமா அதில் கான்சராக மாறக்கூடிய வகை. ஆனால் அந்த மாற்றம் ஒரு வருட வேலை இல்லை. குடலின் உட்சுவர்க் கலங்களில் மரபணுப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பத்து வருடமாவது எடுக்கும். பெரும்பாலான சின்ன அடினோமாக்கள் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. அப்பாவுடையதை எடுத்தும் ஆயிற்று.

அடுத்த ஸ்கோப் எப்போது என்பதை எத்தனை பொலிப், எவ்வளவு பெரிது, நுணுக்குக்காட்டியில் எப்படித் தெரிந்தது என்பவை தீர்மானிக்கும். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, அல்லது கலங்கள் அதிகம் மாறிவிட்ட 'ஹை கிரேட்' என்றிருந்தால் 3 வருடம். அப்பாவைப் போல 10க்குக் குறைந்த ஒன்றிரண்டு என்றால், 2020 அமெரிக்க வழிகாட்டல் 7 முதல் 10 வருடம் என்கிறது. அதே வருடத்துப் பிரித்தானிய வழிகாட்டல் இதற்காகத் தனி ஸ்கோப்பே வேண்டாம் என்கிறது. ஆனால் அங்கே இந்த வயதினருக்கு மலத்தில் இரத்தம் பார்க்கும் சோதனை வீட்டுக்கே வருகிறது. இங்கே அப்படி வராது. அதனால் நான் 7 முதல் 10 வருடத்தையே சொல்வேன்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் குடல் சுத்தமாக இருந்திருந்தால்தான். ரிப்போர்ட்டில் 'பொஸ்டன் ஸ்கோர்' என்று தேடுங்கள். குடலை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போடுவார்கள். மூன்றிலும் 2 அல்லது 3 இருந்தால் சரி. ஒரு பகுதியில் 1 என்றிருந்தால், மொத்தம் 7 வந்தாலும்கூட, அந்தப் பகுதியில் மலம் மறைத்த இடத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் ஒரு வருடத்துக்குள் திரும்பச் செய்யத்தான் வேண்டும். ஸ்கோப் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா என்றும் பாருங்கள். போகவில்லை என்றாலும் இதே கதைதான்.

ஸ்கோர் எழுதப்படவே இல்லையா? எனக்கு ஆத்திரம் வரும் இடம் அதுதான். பல ரிப்போர்ட்டில் ஒரு வரிதான் இருக்கும், பயொப்சி முடிவு வேறு கவரில் வரும், இரண்டையும் சேர்த்துப் பார்த்து அடுத்த திகதியை எழுதித் தர ஒருவரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் பக்கேஜ் விற்பவர்கள் நுழைகிறார்கள். அதில் சீ.ஈ.ஏ. இரத்தப் பரிசோதனையையும் சேர்த்திருப்பார்கள். அது கான்சருக்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர உதவும், பொலிப்பைக் காட்டாது.

இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, ஸ்கோப் செய்த டொக்டரையே சனல் பண்ணிப் பாருங்கள். அடுத்த ஸ்கோப் எந்த வருடம், ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இடையில் மலத்தில் இரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இரத்தச்சோகை வந்தாலோ அந்தத் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.