பைவட் மொத்தம் குறைந்தால் முதலில் வரிசைகளை எண்ணுங்கள்

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஐஸ் சப்ளை செய்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு பைவட் டேபிளை ரெஃப்ரெஷ் செய்தால், மொத்தம் கையில் உள்ள பில்களைவிடக் குறைவாக வருகிறது. ரெஃப்ரெஷ் சரியாகத்தான் நடக்கிறது. எங்கே போகிறது பணம்?

பதில்: உங்கள் ஃபைலில் 412 வரிசைகள். மூல ஷீட்டில் மொத்தம் 6,38,450 ரூபாய், பைவட்டில் 5,97,200. வித்தியாசம் 41,250. இந்தத் தொகையை வைத்துக்கொண்டு பில் பில்லாகத் தேட வேண்டாம். காணாமல் போனது எத்தனை வரிசை என்று முதலில் பாருங்கள். பில் எண் இருக்கும் நெடுவரிசையைப் பைவட்டின் `Values` பகுதிக்கு இழுத்து, கூட்டலுக்குப் பதில் `Count` என்று வையுங்கள். மூல ஷீட்டில் ஒரு காலி செல்லில் இவற்றைப் போடுங்கள்:

```
=COUNTA(A2:A413)
=SUM(F2:F413)
```

மூல ஷீட் 412 என்கிறது, பைவட் 371 என்கிறது. ஆக 41 வரிசைகள் பைவட்டுக்குள் வரவே இல்லை.

அவை எவை என்று கண்டுபிடிக்க, பைவட்டின் அடியில் உள்ள `Grand Total` எண்ணை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். அந்த மொத்தத்துக்குள் அடங்கிய வரிசைகள் மட்டும் ஒரு புது ஷீட்டில் விரியும். அந்த ஷீட்டின் பெயர் `Sheet4` என்றால், மூல ஷீட்டில் ஓரமாக ஒரு நெடுவரிசையில் இதை எழுதிக் கீழே வரை இழுங்கள்:

```
=COUNTIF(Sheet4!A:A,A2)
```

0 என்று வரும் வரிசைகள்தான் விடுபட்டவை. பில் எண் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால்தான் இது வேலை செய்யும். ஒரே பில்லில் நாலு வரி எழுதும் வழக்கம் இருந்தால், வரிசை எண்ணுக்குத் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

உங்கள் ஃபைலில் அந்த 41-ல் 18 வரிசைகள் உங்கள் சொந்தப் படகின் பெயரில் உள்ளன, 12,600 ரூபாய். அதை நீங்களே வேண்டாம் என்று டிக் எடுத்திருக்கிறீர்கள். சரி. மீதி 23 வரிசைகள், 28,650 ரூபாய், மூன்று படகுகளுடையவை. மூன்றும் தடைக்காலத்துக்குப் பிறகு முதல்முறையாக உங்களிடம் ஐஸ் வாங்க வந்த படகுகள்.

காரணம் இதுதான். படகுப் பெயர்ப் பட்டியலில் ஒன்றின் டிக்கை எடுத்ததும், எக்செல் அதை “இந்த ஒன்றைத் தவிர எல்லாம்” என்று வைத்துக்கொள்வதில்லை. அன்று டிக் இருந்த பெயர்கள் மட்டுமே காட்ட வேண்டியவை என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு வரும் புதுப் பெயருக்கு டிக் கிடையாது. எச்சரிக்கையும் வராது.

படகுப் பெயர் மேல் வலது கிளிக் செய்து `Field Settings` போய், `Include new items in manual filter` என்பதை டிக் செய்தால் இனி வரும் புதுப் படகுகள் தானாகச் சேரும். ஏற்கெனவே விடுபட்ட மூன்றையும் ஒருமுறை நீங்களே டிக் செய்துவிடுங்கள். நான் இதைவிட நல்லது என்று நினைக்கும் வழி வேறு: டிக் வேலையையே விட்டுவிட்டு, `Label Filters` உள்ளே `Does Not Equal` எடுத்துச் சொந்தப் படகின் பெயரைக் கொடுங்கள். எது வேண்டாம் என்பது அங்கேயே எழுதியிருக்கும். அடுத்து கணக்கு பார்க்க வருகிறவருக்கும் புரியும்.

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை. எனக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. மூல ஷீட்டில் கடன் பில்களை மட்டும் ஃபில்டர் செய்து கூட்டினால் ஒரு தொகை, பைவட்டில் அதைவிட அதிகம்.

பதில்: பைவட்டில் தப்பில்லை. மூல ஷீட்டில் நீங்கள் போடும் ஃபில்டர் பைவட்டுக்குத் தெரியாது. மறைந்திருக்கும் வரிசைகளையும் சேர்த்தே அது கூட்டும். கடன் மட்டும் வேண்டும் என்றால் பைவட்டிலேயே ஃபில்டர் வையுங்கள்.

ஒப்பிடும்போது எந்த ஃபார்முலா எதைக் கூட்டுகிறது என்பதில் கவனம் தேவை. `SUM` மறைந்தவை உட்பட எல்லாவற்றையும் கூட்டும். `SUBTOTAL(9,…)` ஃபில்டரில் மறைந்தவற்றை விட்டுவிடும், ஆனால் வலது கிளிக் செய்து `Hide` கொடுத்த வரிசைகளைக் கூட்டிவிடும். `SUBTOTAL(109,…)` இரண்டையும் விட்டுவிடும். மூல ஷீட்டுக்கு `SUM` மட்டும் போட்டு, ஃபில்டர் இல்லாத பைவட்டோடு ஒப்பிடுங்கள். ஷீட்டின் இடது ஓரத்தில் வரிசை எண்கள் நீலமாகத் தெரிந்தால் ஃபில்டர் இன்னும் இருக்கிறது. கறுப்பாகவே இருந்து 57-க்குப் பிறகு நேராக 63 வந்தால், யாரோ கையால் மறைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பைவட்டில் எங்கேயும் ஃபில்டரைக் காட்டும் புனல் குறி இல்லை. மூல ஷீட்டிலும் ஃபில்டர் இல்லை. ஆனாலும் குறைகிறது.

பதில்: `PivotTable Analyze` உள்ளே `Filter Connections` திறந்து பாருங்கள். வேறு ஷீட்டில் இருக்கும் ஸ்லைசர் இந்தப் பைவட்டோடு இணைந்திருக்கலாம். அதுவும் இல்லை என்றால் `Change Data Source` பாருங்கள். மாதக் கணக்குக்கு நடுவே அழகுக்காக ஒரு காலி வரிசை விட்டிருந்தால், பைவட் போடும்போது எக்செல் அந்தக் காலி வரிசையோடு நின்றிருக்கும்.

இன்னொன்று. ஃபில்டர் போட்ட ஷீட்டிலிருந்து காப்பி எடுத்து வேறு ஷீட்டில் ஒட்டி, அதன் மேல் பைவட் போட்டீர்களா? காப்பியில் கண்ணுக்குத் தெரிந்த வரிசைகள் மட்டுமே வந்திருக்கும். ஒட்டிய ஷீட்டோடு ஒப்பிட்டால் கணக்கு அழகாகப் பொருந்தும். அதனால் முதல் ஷீட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: தொகை ரூபாய் சுத்தமாகப் பொருந்துகிறது. பிறகும் வரிசைகளை எண்ண வேண்டுமா?

பதில்: கட்டாயம் எண்ணுங்கள். பிராட்வேயில் ஒரு கடைக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு நடந்தது இது. மொத்தம் இரண்டிலும் ஒன்றுதான். எண்ணிக்கையில் மட்டும் பைவட் இரண்டு குறைவு. ஒன்று 7,200 ரூபாய் விற்பனை, மற்றொன்று அதே சரக்கு திரும்பி வந்ததற்கான மைனஸ் 7,200. இரண்டிலும் விற்பனையாளர் பெயர் எழுதப்படவில்லை. பைவட்டில் யாரோ `(blank)` டிக்கை எடுத்திருந்தார்கள், இரண்டும் சேர்ந்தே மறைந்துவிட்டன. கூட்டினால் பூஜ்யம் என்பதால் மொத்தம் அசையவில்லை. அடுத்த வாரம் பெயர் இல்லாமல் இன்னொரு பில் எழுதியிருந்தால், அதுவும் யாருக்கும் தெரியாமல் அந்த `(blank)` உள்ளேயே போயிருக்கும்.