ரிவெர்ப் கடைக்குப் போகும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறேன். காசு கொடுத்து இரண்டு ரிவெர்ப் ப்ளக்-இன் வாங்கிவிட்டேன். எதைப் போட்டாலும் குரல் வாத்தியங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. மூன்றாவதாக எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். இருக்கிற ஒன்றில் ப்ரீ-டிலே என்று ஒரு நாப் இருக்கும். அது சுழியத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனேகமாக இருக்கும்.

பெரிய மண்டபத்தில் ஒருவர் நம் பக்கத்தில் நின்று பேசினால் அவர் குரல் முதலில் வரும், சுவரில் பட்ட ஒலி சற்றுத் தாமதித்து வரும். அவரே தூரத்தில் நின்றால் இரண்டுக்கும் இடைவெளி குறைந்துவிடும். தூரத்தைக் கணிக்கக் காது பிடித்துக்கொள்ளும் குறிப்புகளில் இதுவும் ஒன்று. ப்ரீ-டிலே என்பது இந்த இடைவெளிதான். அது இல்லாமல் ரிவெர்ப் போட்டால் பாடகியை நீங்களே மண்டபத்தின் கடைசிக்கு அனுப்புகிறீர்கள் என்று பொருள். சொல்லின் முதல் எழுத்தும் அதில் கரைந்துபோகும்.

80 பிபிஎம் வேகத்தில் ஒரு மெலடி என்று வைத்துக்கொள்வோம். ரிவெர்ப்பைக் குரல் டிராக்கிலேயே போடாமல், குரலின் நகல் போகும் தனி சென்டில் வையுங்கள். ரிவெர்ப்பில் வெட் 100, டிரை 0, அதாவது அதிலிருந்து நேர்க்குரல் வராமல் ரிவெர்ப் மட்டும் வரட்டும். 60000 ÷ 80 = 750, அதாவது ஒரு தட்டு 750 மில்லிசெகண்ட். அதை 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 47. ப்ரீ-டிலேவை அங்கே வைத்துத் தொடங்கலாம். ரிவெர்ப் திரும்பி வரும் ரிட்டர்ன் ஃபேடரைத் தேவைக்கு மேல் ஏற்றிவிட்டு, முழுப் பாட்டும் ஓடும்போது ப்ரீ-டிலேவை 0-இலிருந்து மெல்லத் திருப்புங்கள். 20-ஐத் தாண்டும்போது சொற்கள் தெளியும். 40, 50 வாக்கில் குரல் முன்னே வரும். 100-ஐ நெருங்கினால் க, ட போன்ற எழுத்துகள் இரண்டு முறை அடிப்பதுபோலக் கேட்கும். அப்படிக் கேட்டால் பின்வாங்குங்கள். வகுத்து வந்த எண் தொடக்கத்துக்குத்தான், முடிவு செய்வது காது.

அப்புறம் டீகே. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்க இரண்டு தட்டு இடைவெளி என்றால் 1.5 செகண்ட். ரிவெர்ப்பின் வால் அதற்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வரியின் முதல் சொல்லை அது மூடிவிடும். ப்ரீ-டிலேவையும் கழித்து 1.4-இல் தொடங்குங்கள். டீகே எண் என்பது ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரம். பாட்டில் கிட்டாரும் தபலாவும் சேர்ந்தால் அந்த வாலின் கடைசிப் பகுதி அவற்றுக்குள் மறைந்துவிடும். அதனால் வாத்தியம் நிறைந்த சரணத்தில் 1.8-கூடச் சரியாக இருக்கலாம். வாத்தியமே இல்லாத தொகையறாவில் அதே 1.8 வழியும்.

கடைசியில் ரிட்டர்ன் ஃபேடரை, ரிவெர்ப் இருப்பதே தெரியாத அளவுக்கு இறக்கி, கொஞ்சம் ஏற்றுங்கள். ரிட்டர்னை மியூட் செய்தால் குரல் சட்டென்று வறண்டுபோக வேண்டும், மியூட் செய்யும் வரை ரிவெர்ப் தனியாகக் காதில் விழக் கூடாது.

இத்தனைக்கும் குரல் முன்னே வரவில்லை என்றால் கோளாறு பதிவில் இருக்கிறது. வெறும் சுவர் அறையில் பாடியிருந்தால் அந்த அறை குரலோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எந்த ப்ரீ-டிலேயும் அதைப் பிரிக்காது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வையோ மெத்தையோ நிறுத்திவிட்டு மறுபடி பாடுங்கள்.

கேள்வி: சென்டில்தான் ரிவெர்ப் வைத்திருக்கிறேன். குரலைக் குறைத்தாலும் ரிவெர்ப் குறையவில்லை. ப்ளக்-இன் பழுதா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: சென்ட் ப்ரீ-ஃபேடரில் இருக்கிறது, அதனால் குரல் ஃபேடரை இறக்கினாலும் ரிவெர்ப்புக்குப் போகும் ஒலி குறையாது. போஸ்ட்-ஃபேடருக்கு மாற்றுங்கள். விற்றவரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: "எந்தக் குரலுக்கும் ஒரே கிளிக்கில் ஸ்டுடியோ தரம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து 1,800 ரூபாய்க்கு ப்ரீசெட் தொகுப்பு வாங்கினேன். குரல் இரட்டையாகவும் கலங்கலாகவும் கேட்கிறது. டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. இந்த வியாபாரத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ப்ரீசெட் செய்தவருக்கு உங்கள் பாட்டின் வேகம் தெரியாது. வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்று தெரியாது. இந்த இரண்டும் தெரியாமல் ப்ரீ-டிலேயும் டீகேயும் எப்படிச் சொல்வார்? அவர் விற்பது அவருடைய ஏதோ ஒரு பாட்டுக்குப் பொருந்திய எண்கள். மாதிரி ஒலியிலும் குரலோடு ஒரே ஒரு பியானோ இருக்கும். அந்த வெற்றிடத்தில் 3 செகண்ட் வால் அமிர்தமாக இனிக்கும், உங்கள் டிரம்ஸும் பேஸும் வந்ததும் அதே வால் சேறாகிவிடும். நானும் இப்படி ஒரு மாதிரி ஒலியில் மயங்கி வாங்கிய தொகுப்பு, கணினியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

இரட்டையாகக் கேட்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். குரல் டிராக்கில் நேரடியாகப் போடுவதற்கென்று, மிக்ஸ் 25, 30 சதவீதம் வைத்துச் செய்த ப்ரீசெட்களே அதிகம். அதைச் சென்டில் ஏற்றினால் ரிட்டர்ன் வழியாக வறண்ட குரலும் இன்னொரு முறை வந்து சேரும். வெட்டை 100 ஆக்கிவிட்டு, மேலே சொன்னபடி இரண்டு நாப்பையும் வையுங்கள்.

பணத்தையும் விடாதீர்கள். 2020-இன் மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருளுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லை என்றால் விற்றவர் பணம் திருப்ப மறுக்கக் கூடாது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

கேள்வி: என் மிக்ஸரில் உள்ள ரிவெர்ப்பில் ப்ரீ-டிலே நாப் இல்லை. தனி ரிவெர்ப் கருவி வாங்கவா?

பதில்: 1957-இல் வந்த EMT 140 என்ற புகழ்பெற்ற தகடு ரிவெர்ப்பிலும் அந்த நாப் கிடையாது. ஸ்டுடியோக்காரர்கள் ஒலியை முதலில் டேப் மெஷினில் ஓட்டி, பதியும் ஹெட்டுக்கும் திரும்ப வாசிக்கும் ஹெட்டுக்கும் உள்ள தாமதத்தோடு தகட்டுக்கு அனுப்பினார்கள். கணினியில் அதையே செய்யலாம்: சென்டில் ரிவெர்ப்புக்கு முன்னால் ஒரு டிலே, வெட் 100, ஃபீட்பேக் 0. பதிவை மட்டும் மிக்ஸரில் செய்யுங்கள், ரிவெர்ப் கணினியில் இருக்கட்டும். பெட்டியில் "99 எஃபெக்ட்" என்று அச்சிட்ட மிக்ஸரைக் கடைக்காரர் என் தலையிலும் கட்டியிருக்கிறார். 99-இல் எதற்கும் டீகேகூடத் தனியாகக் கிடையாது.

கேள்வி: டிலேயும் போட்டேன். சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. கையேடு படிக்க நேரமில்லை. நல்ல டிலே ப்ளக்-இன் எது?

பதில்: நேரமில்லாதவருக்கு எல்லா டிலேயும் கெட்ட டிலேதான். உங்களிடம் இருப்பதே போதும். 80 பிபிஎம் பாட்டில் கால் நோட் 750, எட்டில் ஒன்று 375. சொற்கள் அடர்ந்த வரியில் 750 வைத்தால் திரும்பி வரும் சொல் அடுத்த சொல்லின் மேல்தான் விழும். ஃபீட்பேக்கை 20 சதவீதத்துக்கு இறக்கி, ரிட்டர்னில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். பிறகு அதே ரிட்டர்னில் ஒரு கம்ப்ரசர் போட்டு, அதன் சைட்செயினுக்கு வறண்ட குரலைக் கொடுங்கள். பாடும்போது டிலே அமுங்கியிருக்கும், வரி முடிந்ததும் எழும். ரிலீஸ் 250 மில்லிசெகண்ட் வாக்கில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: மிக்ஸிங்குக்கு 6,000 ரூபாய் வாங்கியவர் குரலைக் குளியலறைபோல ஆக்கிக் கொடுத்திருக்கிறார். திருத்த இன்னும் 2,000 கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். எத்தனை திருத்தம் இலவசம் என்று எழுத்தில் பேசியிருந்தால் அதைக் காட்டுங்கள். பேசவில்லை என்றாலும், வாத்தியங்கள் தனியாக, வறண்ட குரல் தனியாக, ரிவெர்ப் ரிட்டர்ன் தனியாக மூன்று ஃபைல் கேளுங்கள். அவர் திட்டத்தைத் திறந்து ஏற்றுமதி செய்தால் போதும். கைக்கு வந்ததும் ரிவெர்ப் ஃபைலை 6 டெசிபல் குறைத்துக் கேளுங்கள். அதிலேயே சரியானால் கூடுதல் கூலி எதற்கு? வால் இன்னும் நீளமாக இருந்தால் அந்த ஃபைலைத் தூக்கிவிட்டு, வறண்ட குரலுக்கு நீங்களே ரிவெர்ப் போடுங்கள்.